மலிவு ஃபில்டர் படத்தைக் கெடுக்குமா? ஒரு காசிமேட்டுக் கணக்கு

காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தைப் படமெடுக்க வருகிறவர்களின் கேமராவைக் கவனித்தால், பல லென்ஸ்களின் முன்னால் யூவி ஃபில்டர் என்ற ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருக்கும். கேமரா வாங்கிய அன்றே பையோடும் மெமரி கார்டோடும் சேர்த்துக் கடையில் மாட்டிக் கொடுத்தது அது. பிறகு யாரும் அதைக் கழற்றுவதில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி அதைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்டார்: "அண்ணா, இந்த ஃபில்டர் இருந்தா படம் சாஃப்ட் ஆவும், நைட்ல கோஸ்ட் வரும்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னொருத்தரு, இது இல்லாம கடல் பக்கம் போனா லென்ஸே போயிடும்ன்றாரு. யாரு சொல்றது நெஜம்?"

இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒரே லென்ஸில், ஒரே வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து உண்மையாவது அரிது. எந்த லென்ஸ், எந்த நேரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அவரிடம் இருந்த சாமான்கள் இந்த ஊரில் பலரிடமும் இருப்பவைதான்: கேனன் 18-55 கிட் லென்ஸ், கூடவே 55-250. இரண்டுக்கும் முன்பக்க விட்டம் 58 மி.மீ. அதனால் ஏறத்தாழ 400 ரூபாய்க்கு வாங்கிய ஒரே ஃபில்டரை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அதே ஃபில்டரை வைத்தே இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

அவர் முன் இருந்த வழிகள் நான்கு. இருப்பதை அப்படியே விட்டுவிடுவது, அடியோடு கழற்றிவிட்டு லென்ஸின் முன்னால் நீட்டி நிற்கும் ஹூட் மட்டும் போடுவது, 1,500 ரூபாய்க்கு மேல் கொடுத்து, ஒளி திரும்புவதைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல மல்டி கோட்டிங் ஃபில்டர் வாங்கி எப்போதும் மாட்டி வைப்பது, தேவைப்படும்போது மட்டும் மாட்டிக் கழற்றுவது. நான் சொன்ன முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 55-250க்கு ஃபில்டர் வேண்டாம், ஹூட் போதும். 18-55க்கு ஒரு மல்டி கோட்டிங் ஃபில்டர் இருக்கட்டும்; உப்புச் சாரல் தெறிக்கும் இடத்தில் மட்டும் அதை மாட்டட்டும். விளக்கோ சூரியனோ ஃபிரேமுக்குள் வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டராக இருந்தாலும் கழற்றிவிடட்டும்.

முதலில் கோஸ்ட், அதாவது விளக்கின் போலி உருவம் படத்தில் வேறோர் இடத்தில் விழுவது. புகார்களில் பெரியது இதுதான். காரணம் தெரிந்துவிட்டால் கண்டுபிடிக்க எளிதானதும் இதுதான்.

கோட்டிங் இல்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஃபில்டருக்கு முன்முகம், பின்முகம் என இரண்டு இருப்பதால் மொத்தம் 8 சதவீதம். இந்த இழப்பால் படம் இருட்டாகிவிடாது. ஒளி பாதியாகக் குறைந்தால் அது ஒரு ஸ்டாப்; இந்த இழப்பு அதில் எட்டில் ஒரு பங்குதான். வெளியே திரும்பிப் போகிற ஒளியாலும் தொல்லையில்லை. உள்ளே போய்விட்டுத் திரும்பி வருகிற ஒளிதான் வம்பு செய்கிறது.

சென்சாரின் மேலேயும் கண்ணாடி அடுக்கு உண்டு, அதுவும் பளபளப்பானது. லென்ஸ் வழியாக வந்து சென்சாரில் விழுந்த விளக்கொளியில் ஒரு சிறு பங்கு அங்கே பட்டு, வந்த வழியே லென்ஸ் வழியாக வெளியே கிளம்புகிறது. வாசலில் ஃபில்டர் தட்டையாக, சென்சாருக்கு நேர் எதிரே நிற்கிறது. சலூனில் எதிரெதிராக மாட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் உருவம் இங்கும் அங்குமாகப் போய் வருமே, அதே வேலைதான். ஃபில்டரின் முகம் அந்த ஒளியை மறுபடி உள்ளே தள்ளுகிறது. லென்ஸ் அதை இரண்டாம் முறை ஃபோகஸ் செய்து சென்சாரில் இன்னொரு உருவமாகப் போடுகிறது.

இந்த இரண்டாவது உருவம் விழும் இடம் தற்செயலானது அல்ல. ஃபில்டர் தட்டையாகவும் சென்சாருக்கு இணையாகவும் இருப்பதால், ஒளி எந்தக் கோணத்தில் வெளியே வந்ததோ அதற்கு நேர் எதிர்க் கோணத்தில் உள்ளே திரும்பும். அதனால் கோஸ்ட் எப்போதும் படத்தின் நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம், அதே தூரத்தில், தலைகீழாக விழும். 6000 × 4000 பிக்சல் படம் ஒன்றில், இடமிருந்து 1500, மேலிருந்து 900 பிக்சலில் ஒரு ஃபிளட்லைட் இருக்கிறது என்று வையுங்கள். கோஸ்ட் இடமிருந்து 4500, மேலிருந்து 3100 பிக்சலில் இருக்கும். அகலத்தில் 1500-ஐயும் உயரத்தில் 900-ஐயும் கழித்தால் போதும். தம்பியின் படத்தில் ஏலத் தளத்துக்கு மேலே விளக்குகள் வரிசையாக எரிந்தன. கீழே இருண்ட தண்ணீரில் அதே வரிசை பச்சைப் புள்ளிகளாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர் அதைத் தண்ணீரில் தெரியும் பிம்பம் என்றே நினைத்திருந்தார். தண்ணீரில் விழும் பிம்பம் விளக்குக்கு நேர் கீழே செங்குத்தாக இருக்கும். இடப்பக்க விளக்கு வலப்பக்கக் கீழ் மூலையில் தெரிந்தால் அது தண்ணீரின் வேலை இல்லை.

லென்ஸுக்குள்ளேயே உண்டாகும் ஃப்ளேர் இதிலிருந்து வேறுபட்டது. அது பெரும்பாலும் பெரிய வட்டமாகவோ பல்கோணமாகவோ, விளிம்பு மங்கலாக, விளக்கிலிருந்து நடுப்புள்ளி வழியாகப் போகும் கோட்டில் பல அளவுகளில் சிதறியிருக்கும். ஃபில்டர் கோஸ்ட் சின்னதாக, கூர்மையாக, விளக்கின் வடிவத்திலேயே இருக்கும். சில சமயம் விளக்கை விடக் கோஸ்ட்டில் விவரம் அதிகமாகத் தெரிவதும் உண்டு. எல்.இ.டி. ஃபிளட்லைட் நேர்ப்படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாக வெடித்துப் போயிருக்கும். கோஸ்ட்டில் ஒளி குறைந்திருப்பதால் அதன் சதுரக் கட்டமே துல்லியமாகப் பதிந்திருக்கும்.

கூர்மைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. தூரத்துப் பொருளுக்கு, அதாவது இன்ஃபினிட்டிக்கு ஃபோகஸ் செய்திருந்தால்தான் திரும்பி வரும் ஒளி சரியாகச் சென்சாரிலேயே குவியும். இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளுக்கு ஃபோகஸ் செய்தால் கோஸ்ட் கலங்கிப் பரவி, கண்ணுக்கு எளிதில் அகப்படாது. துறைமுகச் சுவரில் நின்று எதிர்க்கரைப் படகுகளை எடுக்கும்போது தொந்தரவு செய்கிற அதே ஃபில்டர், மீன்கார அக்காவின் முகத்தை அருகிலிருந்து எடுக்கும்போது சாதுவாக இருப்பது இதனால்தான். அப்பர்ச்சரைச் சுருக்கினால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. விளக்கும் கோஸ்ட்டும் ஒரே வழியாக வருவதால், சுருக்கினால் இரண்டும் சேர்ந்தே மங்கும்.

இப்போது மலிவு ஃபில்டருக்கும் நல்ல ஃபில்டருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் வைப்போம். சென்சார் அடுக்கு 100-க்கு 5 பங்கைத் திருப்புகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். கோட்டிங் இல்லாத ஃபில்டரின் இரண்டு முகங்களும் சேர்ந்து அதில் 8 சதவீதத்தைத் திரும்ப உள்ளே தள்ளும். 5 சதவீதத்தில் 8 சதவீதம் என்றால் 250-இல் ஒரு பங்கு. புகைப்படக்காரர் பாஷையில், கோஸ்ட் விளக்கை விட 8 ஸ்டாப் குறைவு. நல்ல மல்டி கோட்டிங் இருந்தால் ஒரு முகத்துக்கு அரை சதவீதம், இரண்டுக்கும் சேர்த்து 1 சதவீதம். அப்போது கோஸ்ட் 2000-இல் ஒரு பங்கு, அதாவது 11 ஸ்டாப் குறைவு.

இந்த மூன்று ஸ்டாப்பின் மதிப்பு காட்சியைப் பொறுத்தது. காலை ஒன்பது மணிக்குச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிறது. படத்தில் மிக வெளிச்சமான பொருள் ஒரு வெள்ளைச் சட்டை. அது நடுத்தர வெளிச்சத்தை விட இரண்டு ஸ்டாப்தான் மேலே. மலிவு ஃபில்டரில் அதன் கோஸ்ட் நடுத்தரத்துக்கு ஆறு ஸ்டாப் கீழே கிடக்கும். யாருக்கும் தெரியாது. 400 ரூபாய் ஃபில்டரோடு வருடக்கணக்கில் பகலில் எடுத்தவர்கள் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வது பொய்யில்லை.

அதே ஃபில்டரோடு விடியுமுன் ஏலத் தளத்துக்கு வாருங்கள். விளக்கு நடுத்தர வெளிச்சத்தை விட 10 ஸ்டாப் மேலே இருக்கிறது என்று வைப்போம். கோட்டிங் இல்லாத ஃபில்டரின் கோஸ்ட் நடுத்தரத்துக்கு இரண்டு ஸ்டாப் மேலே வரும். கறுப்புத் தண்ணீரின் மேல் அது பளிச்சென்று நிற்கும். மல்டி கோட்டிங்கில் அது நடுத்தரத்துக்கு ஒரு ஸ்டாப் கீழே இறங்கும். கூட்டத்தின் மேலோ மீன் கூடைகளின் மேலோ விழுந்தால் அங்குள்ள ஒளியில் கலந்துவிடும், வானத்தில் விழுந்தால் அப்போதும் தெரியும். விளக்கு இன்னும் நெருக்கமாக, இன்னும் பிரகாசமாக இருந்தால் நல்ல ஃபில்டரும் மாட்டிக்கொள்ளும். அதிகப் பணம் கொடுத்து வாங்கியதாலேயே இரவில் கழற்ற வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இரவில் கோஸ்ட்டை முழுதாக நிறுத்துவது கழற்றும் கைதான்.

நம் கரையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, விடியலில் எடுக்கும் படங்களில் பாதி சூரியனுக்கு நேர் எதிரே எடுப்பவைதான். சூரியன் ஃபிரேமில் இருந்தால் மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும். திரும்பும் ஒளி ஒரு புள்ளியாக நிற்காமல் படம் முழுக்க மெல்லிய வெண்திரையாகவும் பரவும். கறுப்பாக இருக்க வேண்டிய படகின் பக்கவாட்டு சாம்பலாகிவிடும். பார்ப்பவர் இதைத்தான் "சாஃப்டா இருக்கு" என்கிறார். உண்மையில் குறைந்தது கான்ட்ராஸ்ட். விவரம் எங்கும் போகவில்லை. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் கயிற்றின் முறுக்கு இழை இழையாக இருக்கும்.

இனி நிஜமான சாஃப்ட்னஸ். இங்கேதான் இரண்டு லென்ஸ்களும் பிரிகின்றன.

ஃபில்டர் கண்ணாடி முழுவதும் ஒவ்வொரு புள்ளியின் படத்திலும் பங்கெடுப்பதில்லை. ஒரு தூரத்துப் புள்ளியிலிருந்து வரும் ஒளிக்கற்றை எவ்வளவு அகலமோ அவ்வளவு கண்ணாடிதான் அந்தப் புள்ளியை உருவாக்குகிறது. அந்த அகலம், ஃபோக்கல் நீளத்தை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் வருவது. 18-55 லென்ஸில் 18 மி.மீ., எஃப் 3.5 வைத்தால் 18-ஐ 3.5-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 5 மி.மீ. எஃப் 8-க்குப் போனால் இரண்டே கால் மி.மீ. 55-250-ஐ முழுதாக நீட்டி 250 மி.மீ., எஃப் 5.6 வைத்தால் ஏறக்குறைய 45 மி.மீ.

மலிவு ஃபில்டரின் குறை பெரும்பாலும் கண்ணாடி சரியான தட்டையாக இல்லாததில்தான் இருக்கிறது. பார்வைக்குத் தெரியாத மெல்லிய மேடு பள்ளம் இருக்கும். ஜன்னலுக்குப் போடும் தட்டுக் கண்ணாடி போன்றதை வட்டமாக வெட்டி வளையத்தில் அடைத்தால் இப்படித்தான் வரும். 58 மி.மீ. வட்டத்தில் ஒளி தொடும் பகுதி 5 மி.மீ. மட்டும் என்றால், அந்தச் சின்னப் பகுதிக்குள் மேடு பள்ளம் அநேகமாக ஒன்றுமில்லை. ஒளி லேசாகச் சாய்ந்து போகுமே தவிரக் கலையாது. 45 மி.மீ. அகலக் கற்றை என்றால் கிட்டத்தட்டக் கண்ணாடி முழுவதன் வளைவும் ஒரே புள்ளிக்குள் வந்து கலக்கிறது. ஒரு பகுதி ஒரு இடத்தில் குவிய, இன்னொரு பகுதி கொஞ்சம் தள்ளிக் குவியும். 250 மி.மீ. லென்ஸ் அந்தக் கலக்கத்தைப் பெரிதாக்கியும் காட்டும்.

ஆகவே அதே 400 ரூபாய்க் கண்ணாடி 18 மி.மீ.யில் கூர்மையைக் குறைப்பது கண்ணுக்குத் தெரியாது, 250 மி.மீ.யில் தெரியலாம். "தெரியலாம்" என்றுதான் சொல்கிறேன். மலிவு ஃபில்டர்கள் ஒன்றுக்கொன்று ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று தட்டையாகவும் மற்றது வளைந்தும் இருக்கலாம். அதனால் கையில் இருப்பதைச் சோதித்துப் பார்ப்பதே நியாயம்.

சோதனைக்குத் தூரத்துப் புகைபோக்கியைக் குறி வைக்காதீர்கள். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் பட்டைகள் ஆசையைத் தூண்டும், ஆனால் இடையில் கிடக்கும் கிலோமீட்டர் கணக்கான சூடான காற்று அலைந்து, ஃபில்டர் இல்லாமலே படத்தைக் கலக்கும். வெயில் ஏறிய பின் எடுத்த டெலிஃபோட்டோ படம் சாஃப்டாக இருந்தால் முதல் சந்தேகம் காற்றின் மேல் விழட்டும், ஃபில்டர் அதற்குப் பிறகு. வெயிலுக்கு முன், ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் கடைப் பெயர்ப்பலகையோ தேர்தல் சுவரெழுத்தோ எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை டிரைபாடில் பூட்டி, லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்து, 250 மி.மீ., எஃப் 5.6, இரண்டு விநாடி டைமர். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்து, ஃபில்டரோடு சில படங்கள். கழற்றிவிட்டு மறுபடியும் ஃபோகஸ் செய்து சில படங்கள். மறுபடி ஃபோகஸ் செய்வது அவசியம். கண்ணாடி முழுவதும் ஒரே சீராக வளைந்திருந்தால் அது ஃபோகஸைத் தள்ளுமே தவிரக் கூர்மையைக் கெடுக்காது. பழைய ஃபோகஸையே வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் ஃபில்டர் மேல் இல்லாத பழி விழும். ஒவ்வொரு தொகுதியிலும் மிகக் கூர்மையான படத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருந்தால் ஃபில்டரைக் கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி எடுங்கள். இழுபடும் திசையும் சேர்ந்து சுழன்றால் குற்றவாளி கண்ணாடிதான்.

தம்பியின் ஃபில்டரை இப்படித்தான் பார்த்தோம். 18 மி.மீ.யில் எது ஃபில்டரோடு எடுத்த படம் என்று அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. 250 மி.மீ.யில் பலகையின் சின்ன எழுத்தில் இருந்த செல்பேசி எண், ஃபில்டரோடு எடுத்ததில் 3-ஆ 8-ஆ என்று தடுமாற வைத்தது. கழற்றியதும் படிக்க முடிந்தது. எஃப் 11-க்குச் சுருக்கியபோது வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. கற்றை 23 மி.மீ.யாகச் சுருங்கியதே காரணம். ஆனால் வியாசர்பாடியில் மாலைக் கால்பந்து எடுக்கிறவர் எஃப் 11-இல் எடுக்க முடியாது. அந்த வெளிச்சத்தில் 5.6 போதாமல்தான் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டிருப்பார். 55-250க்கு ஃபில்டர் வேண்டாம் என்ற முடிவு இங்கே உறுதியானது.

நல்ல தட்டையான ஃபில்டர் வாங்கி 55-250லும் போடலாமே என்றால், போடலாம். ஆனால் அந்த லென்ஸுக்கு எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மைதானத்தின் எல்லைக்கோட்டில் நிற்கிறவருக்குப் பயம் பந்தும் முட்டி மோதலும். அடி விழுந்தால் ஃபில்டர் காப்பாற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஃபில்டர் கண்ணாடி மெல்லியது, லென்ஸின் முன் கண்ணாடி தடித்தது. முன்னதை உடைக்கும் பல அடிகள் பின்னதைக் கீறக்கூட மாட்டா. உடைந்த ஃபில்டரின் சில்லுகள்தான் உள்ளே விழுந்து லென்ஸின் கோட்டிங்கைக் கீறும். உடைந்த ஃபில்டரைக் காட்டி "லென்ஸ் தப்பியது" என்று சொல்கிறவர்களுக்கு, ஃபில்டர் இல்லாமல் இருந்தாலும் லென்ஸ் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அடிக்கு நல்ல காவல் ஹூட். பிளாஸ்டிக் ஹூட் வளைந்து கொடுக்கும், கழன்று விழும், அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு விளக்கொளியையும் மறைத்துக் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும். கெடுதல் ஏதும் செய்யாமல் பாதுகாக்கும் ஒரே சாமான் அது.

ஃபில்டர் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் வேறு. பாறைச் சுவரில் அலை அடித்துத் தெறிக்கும் உப்புச் சாரல், ஏலத் தளத்தில் கூடையைத் தூக்கிக் கவிழ்க்கும்போது பறக்கும் மீன் தண்ணீர், கரைக் காற்றில் வரும் மணல், கூட்டத்தில் படும் விரல்ரேகை. இவற்றில் உப்பு மிகப் பொல்லாதது. காய்ந்தால் பொடிப்பொடிப் படிகமாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சட்டைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தால் கண்ணாடியில் கீறல்தான். லென்ஸின் முன் கண்ணாடியைக் கழற்றிக் கழுவ முடியாது. ஃபில்டரைக் கழுவ முடியும். எனக்கு அதன் முழு மதிப்பும் இதுதான். அலைக்குப் பக்கத்தில் 18-55-ஐ வைத்துக்கொண்டு அகலக் காட்சி எடுக்கிறவருக்கு இது பெரிய வசதி. அந்த லென்ஸில் கூர்மை இழப்பும் கண்ணுக்குத் தெரியாது என்று மேலே பார்த்தோம்.

யூவி என்ற பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அது ஃபிலிம் காலத்துத் தேவை. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் இருக்கும் அடுக்கே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. தூரத்துப் புகைமூட்டத்தையும் இது நீக்காது. ப்ரொடெக்டர், கிளியர் என்று விற்கும் நிறமில்லாக் கண்ணாடியே போதும். பார்க்க வேண்டியது கோட்டிங் ஒன்றுதான். ஹோயாவில் எச்.எம்.சி., பி ப்ளஸ் டபிள்யூவில் எம்.ஆர்.சி. என்று வளையத்தில் எழுதியிருப்பது மல்டி கோட்டிங்கைக் குறிக்கும். ஆனால் எழுத்தை யாரும் அச்சிடலாம், அதனால் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது.

பாரிமுனைப் பக்கம் எந்தக் கடையில் வாங்கினாலும் தலைக்கு மேல் ஒரு டியூப்லைட் இருக்கும். ஃபில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, விளக்கின் பிம்பம் அதில் தெரியும்படி சாய்த்துப் பிடியுங்கள். கோட்டிங் இல்லையென்றால் பிம்பம் வெள்ளையாக, டியூப்லைட்டைப் போலவே பளிச்சென்று இருக்கும். மல்டி கோட்டிங்கில் அது மங்கி, பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். இரண்டு முகத்திலும் கோட்டிங் இருக்கிறதா என்று திருப்பியும் பாருங்கள்; ஒரு பிம்பம் மங்கலாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் இருந்தால் ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கிறார்கள். தட்டையைப் பார்க்க, ஃபில்டரை மெதுவாக அசைத்து டியூப்லைட்டின் நேர்க்கோட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓட விடுங்கள். கோடு நெளிந்தால் வாங்காதீர்கள். நெளியாவிட்டால் அது டெலிஃபோட்டோவுக்கும் தேறும் என்று அர்த்தமில்லை, கண்ணுக்குத் தெரியும் அளவு மோசமில்லை என்பது மட்டும் தெரியும்.

எப்போதும் மாட்டி வைக்கும் மூன்றாம் வழிக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். விலையுயர்ந்த சில லென்ஸ்களில் தண்ணீர் புகாத அடைப்பு முழுமையாக வேண்டுமானால் முன்னால் ஃபில்டர் போடுங்கள் என்று தயாரிப்பாளரே சொல்வதுண்டு. கேனனின் எல் வரிசையில் அப்படிச் சில இருக்கின்றன. அதை வைத்திருப்பவர் சாரலிலும் மழையிலும் நல்ல ஃபில்டரோடுதான் நிற்க வேண்டும். கிட் லென்ஸுக்கு இந்த வாதம் பொருந்தாது, அதில் அடைப்பே கிடையாது. பழைய 18-55 சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் முன்னால் 4,000 ரூபாய் ஃபில்டர் போடுவது வீண். 1,500-ஐ ஒட்டிய மல்டி கோட்டிங் போதும். அதற்கும் கையில் காசு இல்லையென்றால் இருக்கும் 400 ரூபாய்க் கண்ணாடியையே சாரலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பகலில், சூரியன் பின்னால் இருக்கும்வரை, அகல லென்ஸில் அது செய்யும் கெடுதல் சொற்பம்.

"நைட்ல எடுக்கும்போது கழட்ட மறந்துட்டேன், கோஸ்ட் விழுந்துடுச்சுன்னா?" என்று தம்பி கேட்டார். எடுக்கும் இடத்திலேயே தெரிந்துவிட்டால் ஃபிரேமைக் கொஞ்சம் நகர்த்தலாம். விளக்கு நகரும் திசைக்கு எதிர்த்திசையில் கோஸ்ட் நகரும். அதை வெளிச்சமான படகின் மேலோ கூட்டத்தின் மேலோ கொண்டுபோய் வைத்தால் கரைந்துவிடும். ஒரே ஒரு விளக்கு என்றால் அதைச் சரியாக நடுப்புள்ளிக்குக் கொண்டுவரலாம், அப்போது கோஸ்ட் விளக்கின் மேலேயே விழுந்து மறைந்துகொள்ளும். வீட்டுக்கு வந்தபின் கண்டால், கறுப்புத் தண்ணீரில் விழுந்த புள்ளியைக் குளோன் செய்து எடுத்துவிடலாம். முகத்தின் மேல் விழுந்ததை எடுப்பது பாடு.

ஃபில்டர் கழற்றிய பிறகும் படம் வெளிறித் தெரிந்தால் செல்பேசி டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து லென்ஸின் முன் கண்ணாடியில் அடித்துப் பாருங்கள். வெண்படலம் தெரிந்தால் அது உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும். கடற்கரையிலிருந்து வந்த அன்றே ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் அதுவே வெள்ளைத் திட்டு விடும்; கேன் தண்ணீர் கால் டம்ளர் போதும். துடைக்காமல் முதலில் ஊற்றி உப்பைக் கரைய விட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வளையத்தின் மரையில் தங்கும் ஈரத்தையும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே லென்ஸில் மாட்டுங்கள். மரையில் உப்பு தங்கினால் அடுத்த முறை வளையம் பிடித்துக்கொண்டு கழலாது. இரவில் கழற்றியே ஆக வேண்டிய ஃபில்டர் கழலாமல் நின்றால், மேலே போட்ட கணக்கெல்லாம் உதவாது. அதனால் மாட்டும்போது விரல் நுனியால் நிற்கும்வரை திருகினால் போதும், அழுத்தி இறுக்க வேண்டாம்.